பெயருக்குக் கீழே ஒரு வரி

லிங்க்ட்இன் தளத்தில் ஒருவருடைய பக்கத்தைத் திறந்தால் முதலில் படம், பிறகு பெயர், அதற்குக் கீழே ஒரு வரி தெரியும். அந்த வரிக்கு அங்கே ‘ஹெட்லைன்’ என்று பெயர். இடைவெளிகளையும் சேர்த்து 220 எழுத்து வரை எழுதலாம். நீங்களாக எதுவும் எழுதாவிட்டால் உங்கள் பதவியையும் கம்பெனியின் பெயரையும் எடுத்துத் தளமே நிரப்பிக்கொள்ளும். உங்கள் பக்கத்தை யாரும் திறந்து பார்க்காவிட்டாலும் இந்த வரி வெளியே போய்வரும். நீங்கள் அனுப்பும் அழைப்பிலும், வேலைக்கு ஆள் தேடுகிறவர் பார்க்கும் பட்டியலிலும் பெயரோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். எனவே நம்மைப் பற்றி முன்பின் தெரியாத ஒருவர் படிக்கும் முதல் ஆங்கில வாக்கியம் பெரும்பாலும் இதுதான்.

கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் ஒரு பொறியாளர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வளைகுடாப் பக்கம் போகலாமா என்று யோசிக்கிறார். இப்படி எழுதிவைக்கிறார்:

```
I am working as Quality Engineer in pump manufacturing
company since 2017 and have completed BE in 2016 from
Anna University. Looking for a opportunity in UAE.
```

படிக்கிற யாருக்கும் அர்த்தம் புரியும். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் டென்ஸில் இரண்டு, ஆர்ட்டிகிளில் நான்கு என்று ஆறு தவறுகள் இதற்குள் இருக்கின்றன. ஆறுமே கவனக்குறைவால் வந்தவை அல்ல. தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதும் யாருக்கும் இதே இடங்களில்தான் கால் இடறும். அதனால் பள்ளிக்கூடத்து இலக்கண வாத்தியார் மாதிரி சூத்திரம் சொல்வதைவிட, தமிழ் எங்கே நம்மை இழுத்துக்கொண்டு போகிறது என்று பார்த்தால் திருத்துவது சுலபம்.

முதலில் டென்ஸ். ‘2017லிருந்து இங்கே வேலை பார்க்கிறேன்’ என்று நாம் சொல்கிறோம். வேலை இன்றும் நடக்கிறது, எனவே நிகழ்காலம். தமிழுக்கு அதுவே போதும். எப்போது தொடங்கியது என்பதை ‘லிருந்து’ சொல்லிவிடுகிறது. ஆங்கிலம் இதை ஏற்பதில்லை. அங்கே ‘ஆம் வொர்க்கிங்’ என்பது இந்த வேளையை மட்டும் பார்க்கும். 2017இல் தொடங்கி இன்றுவரை நீள்கிற ஒன்றைச் சொல்ல ‘ஹேவ்’ வேண்டும். ‘சின்ஸ் 2017’ என்று எழுதிய மறுகணமே வினைச்சொல் ‘ஹேவ் வொர்க்ட்’ என்றோ ‘ஹேவ் பீன் வொர்க்கிங்’ என்றோ மாறியாக வேண்டும். இந்த இடத்தில் இரண்டும் சரி. முதலாவது சிறியது என்பதால் எனக்கு அதுதான் பிடிக்கும்.

இரண்டாவது தவறு இதற்கு நேர் எதிரானது. ‘2016இல் பி.இ. முடித்திருக்கிறேன்’ என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். முடித்தது அப்போது, அந்தத் தகுதி இப்போதும் என்னிடம் இருக்கிறது என்று ‘இருக்கிறேன்’ சொல்கிறது. அதை அப்படியே ‘ஹேவ் கம்ப்ளீட்டட்’ என்று கொண்டுபோய் வைத்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் முடிந்துபோன ஆண்டைக் குறிப்பிட்டுவிட்டால் அந்த வாக்கியத்தில் ‘ஹேவ்’ நிற்காது. ‘கம்ப்ளீட்டட் இன் 2016’ என்று வெறும் இறந்தகாலமாகத்தான் இருக்க வேண்டும். ஆண்டை எடுத்துவிட்டால் ‘ஹேவ் கம்ப்ளீட்டட்’ சரியாகிவிடும்.

ஆக, ‘ஹேவ்’ வர வேண்டிய இடத்தில் விட்டுவிட்டோம், வரக்கூடாத இடத்தில் போட்டுவிட்டோம். இரண்டு இடத்திலும் முடிவு செய்வது ஆண்டுதான். வரியில் ஒரு ஆண்டு இருந்தால், அதில் தொடங்கிய விஷயம் இன்னும் ஓடுகிறதா, அதோடு முடிந்துவிட்டதா என்று பாருங்கள். ஓடுகிறது என்றால் ‘ஹேவ்’ வேண்டும். முடிந்தது என்றால் கூடாது.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. ‘ஆம் வொர்க்கிங்’ தவறு என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ‘ஐ வொர்க்ட் அட்’ என்று மாற்றிவிடுகிறவர்கள் உண்டு. இலக்கணப்படி அந்த வாக்கியத்தில் குறையே இல்லை. கணினியின் பிழைதிருத்தியும் சும்மா இருந்துவிடும். ஆனால் படிக்கிறவர், நீங்கள் அந்த வேலையை விட்டுவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்வார். ‘எப்போது விட்டீர்கள், ஏன் விட்டீர்கள்’ என்று நேர்காணலில் கேள்வி வரும். இது நடைப்பிழை அல்ல, தகவல் பிழை. நீங்கள் இன்னும் அங்கே இருக்கிறீர்களா இல்லையா என்பது அந்த மென்பொருளுக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்.

‘சின்ஸ்’ இல்லாமல் வெறுமனே ‘ஐ ஆம் வொர்க்கிங் அட்’ என்று எழுதினால் என்ன என்று கேட்கலாம். இந்தியா முழுக்க அப்படித்தான் பேசுகிறார்கள், சென்னை அலுவலகத்தில் யாரும் புருவத்தை உயர்த்த மாட்டார்கள். லண்டனிலோ சிட்னியிலோ படிக்கிறவருக்கு மட்டும் அது கொஞ்சம் தற்காலிகமாகத் தொனிக்கும், இப்போதைக்கு அங்கே இருக்கிறார் போல என்று. நிரந்தர வேலையை ‘ஐ வொர்க்’ என்று சொல்வதுதான் அவர்கள் வழக்கம். அதே ‘ஆம்’ வடிவம் ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார்’ என்ற இடத்தில் பொருத்தமாக உட்கார்ந்துவிடும். வேலை தேடுவது தற்காலிகமான காரியம்தானே (அப்படித்தான் எல்லோரும் நம்புகிறோம்).

ஆர்ட்டிகிள் இதைவிடத் தொல்லை பிடித்தது. காரணம், தமிழில் அதற்கென்று தனிச் சொல் கிடையாது. ‘நான் இன்ஜினியர்’ என்றால் முழு வாக்கியம். அதனால் ‘ஆஸ் குவாலிட்டி இன்ஜினியர்’ என்று எழுதும்போது எதுவோ விட்டுப்போனதாக நமக்குத் தோன்றுவதே இல்லை. ஆனால் ‘ஏ’, ‘தி’ இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தமிழருக்குத் தெரியாத ஒன்று என்று நினைக்க வேண்டாம். ‘வேலை தேடுகிறேன்’, ‘வேலையைத் தேடுகிறேன்’ இரண்டையும் சொல்லிப் பாருங்கள். முதலாவதில் ஏதோ ஒரு வேலை. இரண்டாவதைக் கேட்டதும், ‘எந்த வேலையை?’ என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த பொருளா, புதிதாகச் சொல்லப்படும் ஒன்றா என்பதை அஃறிணைப் பெயர்களில் நாம் ஐ உருபை வைத்தும் விட்டும் காட்டிக்கொண்டே இருக்கிறோம். உருபு இல்லாத முதல் வகைக்குப் பெரும்பாலும் ‘ஏ’, ‘எதை?’ என்று கேட்கவைக்கும் இரண்டாவது வகைக்கு ‘தி’. எல்லா இடத்துக்கும் இந்த அளவுகோல் பொருந்தாது. ஒரு வரி அறிமுகத்துக்குப் போதும்.

நம் பொறியாளரின் கம்பெனியில் அவரைப் போல ஆறு பேர் இருப்பார்கள். எனவே அவர் ‘ஏ குவாலிட்டி இன்ஜினியர்’. ‘தி’ என்று எழுதினால் அங்கே இருக்கும் ஒரே ஆள் அவர்தான் என்று ஆகிவிடும். கூட வேலை பார்க்கிற மற்ற ஐந்து பேரும் அதே தளத்தில்தான் இருப்பார்கள், படித்துவிட்டுச் சிரிப்பார்கள். அவர் உண்மையிலேயே அந்தப் பிரிவின் தலைவராக, ஒருவர் மட்டுமே வகிக்கக்கூடிய பதவியில் இருந்தால் ‘ஆஸ் ஹெட் ஆஃப் குவாலிட்டி’ என்று எந்த ஆர்ட்டிகிளும் இல்லாமலே எழுதலாம். இதைப் பார்த்துவிட்டுத்தான் பலர், பதவிப் பெயர் என்றாலே ஆர்ட்டிகிள் வேண்டாம் என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். பலர் வகிக்கும் பதவிக்கு அது செல்லாது. அதேபோல ‘இன் பம்ப் கம்பெனி’ என்ற இடத்திலும் ‘ஏ’ விட்டுப்போயிருக்கிறது. கம்பெனியின் பெயரையே எழுதியிருந்தால் தேவைப்பட்டிருக்காது. பெயர் சொல்லாமல் ‘ஒரு கம்பெனி’ என்கிறபோது தேவை. அங்கே ‘இன்’ என்பதைவிட ‘அட்’ என்பதே வழக்கம் என்பதையும் கையோடு மாற்றிக்கொள்ளலாம்.

‘ஏ ஆப்பர்சூனிட்டி’ என்ற இடத்தில் ‘ஆன்’ வர வேண்டும் என்பது ஆறாம் வகுப்புப் பாடம். உயிரெழுத்துக்கு முன்னால் ‘ஆன்’ என்று மனப்பாடம் செய்திருக்கிறோம். ஆனால் எண்ணிப் பார்க்க வேண்டியது எழுத்தை அல்ல, ஒலியை. ஹெட்லைனில் சுருக்கப் பெயர்கள் நிறைய வருவதால் குழப்பமும் அங்கேதான் வரும். இதற்கு நம்மிடம் ஒரு நல்ல வழி இருக்கிறது. அந்தச் சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள். எம்.பி.ஏ. என்று எழுதினால் முதலில் வருவது ‘எ’. அது உயிரெழுத்து, எனவே ‘ஆன் எம்.பி.ஏ.’. ஆங்கிலத்தில் எழுதும்போது முதலில் எம் என்ற மெய் எழுத்து தெரிந்தாலும் கவலையில்லை. யுனிவர்சிட்டி என்று எழுதினால் முதலில் வருவது ‘யு’. உயிர்மெய், எனவே ‘ஏ’. ஐ.டி. மேனேஜர் என்றால் ‘ஆன்’, யு.எக்ஸ். டிசைனர் என்றால் ‘ஏ’. எண்களுக்கும் இது பொருந்தும்: 8 பேர் கொண்ட குழுவுக்கு முன்னால் ‘ஆன்’, 10 பேர் கொண்ட குழுவுக்கு முன்னால் ‘ஏ’.

இந்த வழி சறுக்கும் இடங்களையும் சொல்லிவிட வேண்டும். ‘ஒன்’ என்று நாம் எழுதும் ஆங்கில எண்ணை அவர்கள் ‘வன்’ என்றுதான் ஒலிக்கிறார்கள், எனவே அதற்கு ‘ஏ’. ‘ஒர்க்‌ஷாப்’ என்று எழுதிப் பழகியவர்களுக்கும் இதே எச்சரிக்கை. ஹெச்.ஆர். இன்னும் வேடிக்கை. நாம் ‘ஹெச்’ என்கிறோம், அப்படிப் பார்த்தால் ‘ஏ’. ஆங்கிலேயர்களில் பெரும்பாலோரும் அமெரிக்கர்களும் அந்த எழுத்தை ‘எய்ச்’ என்று உயிரொலியில் தொடங்குகிறார்கள், எனவே அச்சில் பெரும்பாலும் ‘ஆன் ஹெச்.ஆர். மேனேஜர்’ என்றே பார்ப்பீர்கள். வெளிநாட்டவர் படிக்கும் வரி என்றால் ‘ஆன்’ போடுவது நல்லது. தரவுத்தள மொழியான எஸ்.க்யூ.எல். தெரிந்தவர்கள், அதை எழுத்தெழுத்தாகச் சொல்பவர்களாக இருந்தால் ‘ஆன்’ என்றும், ‘சீக்வல்’ என்று சொல்பவர்களாக இருந்தால் ‘ஏ’ என்றும் எழுதலாம். இரண்டுமே தவறில்லை.

கடைசியாக இருப்பது ‘இன் யு.ஏ.இ.’. ஊர் பெயருக்கும் நாட்டுப் பெயருக்கும் ஆர்ட்டிகிள் தேவையில்லை என்று படித்திருக்கிறோம். துபாய், கத்தார், சிங்கப்பூர், சவுதி அரேபியா எதற்கும் தேவையில்லைதான். ஆனால் பெயருக்குள் எமிரேட்ஸ், கிங்டம், ஸ்டேட்ஸ் மாதிரி ஒரு பொதுச்சொல் இருந்தால் ‘தி’ வந்துவிடும். சுருக்கி எழுதினாலும் போகாது. எனவே ‘இன் தி யு.ஏ.இ.’, ‘இன் தி யு.கே.’. கல்வி நிறுவனங்களிலும் இதே போக்கு உண்டு. அண்ணா பல்கலைக்கழகம் என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘தி’ கிடையாது. சென்னைப் பல்கலைக்கழகத்தை ‘யுனிவர்சிட்டி ஆஃப் மெட்ராஸ்’ என்று எழுதினால் முன்னால் ‘தி’ வேண்டும். நடுவில் ‘ஆஃப்’ வந்தால் சந்தேகப்படுங்கள்.

ஆறையும் சரிசெய்தால் நம் பொறியாளரின் வரி இப்படி ஆகிறது:

```
I have worked as a quality engineer at a pump
manufacturing company since 2017. I completed my BE at
Anna University in 2016. I am looking for an opportunity
in the UAE.
```

இலக்கணம் சரியாகிவிட்டது. ஆனால் ஹெட்லைனுக்கு இது நல்ல வரி இல்லை என்றுதான் சொல்வேன். பட்டியலில் காட்டும்போது தளம் இந்த வரியின் பின்பகுதியை வெட்டிவிடும். கைபேசியில் இன்னும் குறைவாகத்தான் தெரியும். வெட்டியது போக மிஞ்சுகிற இடத்தில் ‘ஐ ஹேவ் வொர்க்ட் ஆஸ் ஏ’ என்பதற்குப் பாதி போய்விட்டால், அவர் யார் என்பது தெரியவே தெரியாது. அதனால் வாக்கியத்தை விட்டுவிட்டு, கதவில் தொங்கும் பெயர்ப்பலகை மாதிரி எழுதுவதுதான் இங்கே வழக்கம்:

```
Quality engineer at a Coimbatore pump maker since 2017 |
BE (Mechanical), Anna University, 2016 |
Looking for a role in the UAE
```

மூன்றையும் ஒரே வரியாகச் சேர்த்தால் 130 எழுத்துக்குள் அடங்கிவிடும். இதில் கவனிக்க வேண்டியது, முக்கிய வினைச்சொல் காணாமல் போய்விட்டது. வினை இல்லை என்றால் டென்ஸில் தவறு செய்யவும் வழியில்லை. ‘சின்ஸ் 2017’ தனியாக நின்றே, இன்னும் அங்கே இருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் நம்பிக்கை குறைவாக இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

ஆர்ட்டிகிள் மட்டும் முழுதாக ஒழியாது. பலகையின் தொடக்கத்தில் உள்ள ‘ஏ’ போய்விட்டது, அது போகலாம். செய்தித்தாள் தலைப்புகளில் போவது மாதிரிதான். ஆனால் உள்ளே ‘அட்’, ‘ஃபார்’, ‘இன்’ ஆகியவற்றுக்குப் பின்னால் வரும் பெயர்களுக்கு அது இருந்தே ஆக வேண்டும். பலகை என்றதும் எல்லா ஆர்ட்டிகிளையும் கழற்றிவிடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். ‘லுக்கிங் ஃபார் ரோல் இன் யு.ஏ.இ.’ என்று எழுதினால் அது தந்தி மாதிரி ஆகிவிடும்.

பாதி வாக்கியம், பாதி பலகை என்று கலப்பதும் கூடாது. ‘ஹேவிங் 8 இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்’ என்பது நம்மூர் அறிமுகங்களில் தவறாமல் வரும் தொடர். ‘8 ஆண்டு அனுபவம் உள்ள’ என்ற தமிழ் எச்சத்தின் அச்சு அசலான நகல் அது. ‘ஹேவிங்’ என்பதை எடுத்துவிட்டு ‘வித்’ போடுங்கள், ‘இயர்ஸ்’ என்பதற்குப் பின்னால் ‘ஆஃப்’ சேருங்கள். பணி அனுபவம் என்ற பொருளில் வரும் ‘எக்ஸ்பீரியன்ஸ்’ எண்ண முடியாத பெயர், அதற்கு முன்னால் ‘ஆன்’ வராது. ‘எக்ஸ்பர்ட்டீஸ்’ என்பதற்கும் அப்படியே. இன்னொன்று, 8 ஆண்டு என்று எழுதினால் அடுத்த ஆண்டு அதை 9 என்று மாற்ற வேண்டும். யாரும் மாற்றுவதில்லை. ‘சின்ஸ் 2017’ என்று எழுதிவிட்டால் அங்கே இருக்கும்வரை அது தானே உண்மையாக இருந்துகொண்டிருக்கும்.

இலக்கணத்துக்கு வெளியே ஒரு விஷயம். வேலை தேடுவதை ஹெட்லைனில் எழுதினால் அதை இப்போதைய முதலாளியும் படிப்பார். ‘ஓப்பன் டு வொர்க்’ என்ற தனி வசதி தளத்தில் இருக்கிறது. அதை ஆள் தேடுகிறவர்களுக்கு மட்டும் தெரியும்படி வைத்துக்கொள்ளலாம். அப்படி வைத்தாலும் உங்கள் கம்பெனிக்குத் தெரியவே தெரியாது என்று தளம் உறுதி தருவதில்லை. தயக்கம் இருந்தால் அந்த மூன்றாம் பகுதியை எடுத்துவிடுங்கள். முதல் இரண்டும் தனியாகவே நிற்கும்.

முழு வாக்கியமாக எழுத வேண்டிய இடங்களும் உண்டு. அதே பக்கத்தில் 2,600 எழுத்து வரை எழுதக்கூடிய ‘அபவுட்’ பகுதி, கருத்தரங்க அழைப்பிதழ், பத்திரிகைக் கட்டுரையின் அடியில் வரும் அறிமுகம் ஆகியவை அப்படிப்பட்டவை. திருத்திய முதல் வடிவத்தை அங்கே பயன்படுத்தலாம். அழைப்பிதழில் படர்க்கையில் எழுதினால் ‘ஹேவ்’ என்பது ‘ஹேஸ்’ ஆகும். தொடங்கியது படர்க்கையில் என்றால் கடைசிவரை அப்படியே போக வேண்டும். நடுவில் ‘ஐ’ எட்டிப்பார்க்கக் கூடாது.

வேலையை விட்ட நாளில் இந்த வரியைத் திறந்து மாற்ற மறக்காதீர்கள். ‘சின்ஸ் 2017’ என்பது அன்றோடு பொய்யாகிவிடுகிறது. தொடங்கிய ஆண்டு, முடிந்த ஆண்டு இரண்டையும் எழுதி, வாக்கியமாக இருந்தால் ‘ஹேவ்’ என்பதையும் எடுத்துவிட வேண்டும். நீங்களே எழுதிவைத்த ஹெட்லைன், நீங்களாக மாற்றும்வரை பழைய கம்பெனியையே காட்டிக்கொண்டிருக்கும்.